டெமோவுக்குப் போர்ட் திறந்து தரக் கேட்டுக் கடிதம் எழுதுவது: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையகத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் கணினி ஆய்வுகூடத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. இறுதியாண்டு டெமோ நெருங்கினால் என் மேசைக்கு வரும் கடிதங்களில் அதிகமானவை "போர்ட் திறந்து தரவும்" என்றுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, ஒரே ஒரு குழுவின் கதையை வைத்துச் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த மூன்று பேர். லயத்துக்கு மேலே உள்ள சரிவில் எவ்வளவு மழை பெய்கிறது என்று அளந்து அனுப்பும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தவில் நடந்த மண்சரிவைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. தங்கள் தோட்டத்தில் அந்த 75 எப்போது வருகிறது என்று லயத்தில் இருப்பவர்களுக்கே தெரியவேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

மிஸ், போர்ட் திறக்கச் சொன்னால் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதானே?

ஒரு பட்டன் இல்லை, மூன்று இடம். முதலாவது, ஆய்வுகூடக் கணினியில் ஓடும் உங்கள் புரோகிராம். நீங்கள் கேட்கும் போர்ட் எண்ணில் அது காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்காத போர்ட்டை நான் எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. இரண்டாவது, அதே கணினியில் இருக்கும் ஃபயர்வால். மூன்றாவது, மாணவர் வைஃபை வலையமைப்புக்கும் ஆய்வுகூட வலையமைப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஃபயர்வால்.

முதலாவது உங்கள் பொறுப்பு, மற்ற இரண்டும் என்னுடையவை. இந்த இரண்டிலும் நான் எழுதுவது ஒரே மாதிரியான ஒரு வரிதான்: யாரிடமிருந்து, யாருக்கு, எந்த எண்ணுக்கு, எந்த வழிமுறையில். உங்கள் கடிதத்திலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து எழுத முடிந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடியாவிட்டால் நான் உங்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். நீங்கள் அந்த நேரம் பார்த்து பஸ்ஸில் இருப்பீர்கள், வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வரும்.

எங்கள் செயற்றிட்டத்துக்குப் போர்ட் தேவையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யார் முதலில் பேச்சைத் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் புரோகிராம் தானாகவே வெளியே போய் வேறொரு சேர்வருடன் பேசி, பதிலை வாங்கி வருகிறது என்றால் பெரும்பாலும் எதையும் திறக்கத் தேவையில்லை. போன இணைப்புக்கான பதிலை ஃபயர்வால் உள்ளே விட்டுவிடும். வேறொரு கருவி உங்கள் கணினியைத் தேடி வந்து கதவைத் தட்டவேண்டும் என்றால்தான் போர்ட் கேட்க வேண்டும்.

எல்லாமே ஒரே மடிக்கணினியில் ஓடுகிறதா? அப்படியானால் கடிதமே வேண்டாம். `localhost` என்று தொடங்கும் முகவரி அந்தக் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மடிக்கணினியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, கருவியை அதோடு இணைத்துவிடலாம். சின்ன டெமோவுக்கு அது போதும். வழக்கமான ஈஎஸ்பி32 பலகை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும்தான் பேசும், அதனால் ஹொட்ஸ்பொட் 5 கிகாஹேர்ட்ஸில் இருந்தால் பலகைக்கு அது கண்ணிலேயே படாது. மாணவர் வைஃபையிலேயே மடிக்கணினியையும் பலகையையும் போட்டு இணைக்கலாமே என்று சிலர் முயற்சி செய்வார்கள். எங்களுடைய வைஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருக்கிறோம், பல இடங்களிலும் அப்படித்தான். அது பழுது இல்லை.

மழைக்குழுவுக்கு உண்மையிலேயே தேவை இருந்தது. இரண்டு பலகைகள் மாணவர் வைஃபையில், தரவை வாங்கிக் கேட்கிற புரோகிராம்களுக்குக் கொடுக்கும் மொஸ்கிட்டோ என்ற எம்கியூடிடி புரோக்கர் ஆய்வுகூடத்தின் உபுண்டு கணினியில். இரண்டுக்கும் நடுவில் ஃபயர்வால்.

நாங்கள் மரியாதையாகத்தானே எழுதினோம், கடிதம் ஏன் திரும்பி வந்தது?

மரியாதையில் குறையே இல்லை. மழைக்குழுவின் முதல் கடிதத்தில் வேலைக்குரிய பகுதி இவ்வளவுதான்:

> எமது இறுதியாண்டு செயற்றிட்டத்தின் டெமோ அடுத்த வாரம் நடைபெறவுள்ளதால், 1883 மற்றும் 1880 ஆகிய போர்ட்டுகளைத் திறந்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எந்தக் கணினியில் திறப்பது? ஆய்வுகூடத்தில் நாற்பது கணினி இருக்கிறது. யாருக்குத் திறப்பது, முழு மாணவர் வைஃபைக்குமா? அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணி? எப்போது மூடுவது? இந்தக் கேள்விகளுக்கு நானே ஊகித்துப் பதில் போட்டால், பிழை வரும்போது அது என் கையெழுத்தில் இருக்கும்.

அதைவிட என்னை நிறுத்தியது அந்த 1880. வரும் தரவை வரைபடமாகக் காட்ட அவர்கள் அதே கணினியில் ஓட்டிய நோட்-ரெட் வழக்கமாகப் பாவிக்கும் போர்ட் அது. பரீட்சகர்கள் தங்கள் தொலைபேசியிலேயே வரைபடத்தைப் பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் நோட்-ரெட்டில் வரைபடம் தெரிகிற அதே போர்ட்டில்தான், எதை எப்படிச் செய்யவேண்டும் என்று மாற்றி எழுதும் பக்கமும் இருக்கிறது. நிறுவியதும் அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் கிடையாது, நாமாகப் போட்டால்தான் உண்டு. அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தவர் நோட்-ரெட் வழியாக அந்தக் கணினியிலேயே கட்டளைகளை ஓட்டலாம். வைஃபையில் இருக்கும் எல்லாருக்கும் 1880ஐத் திறப்பது, ஆய்வுகூடக் கணினியின் விசைப்பலகையை வராந்தாவில் கொண்டுபோய் வைப்பது போல.

அவர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வரைபடம் புரொஜெக்டரில் தெரிந்தால் போதாதா? புரொஜெக்டர் அதே உபுண்டு கணினியோடுதானே இணைந்திருக்கிறது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1880 கடிதத்திலிருந்து போய்விட்டது. இரண்டு போர்ட் ஒன்றானது.

திருத்திய கடிதத்தைக் காட்ட முடியுமா?

பெயர், பதிவெண்களை எடுத்துவிட்டுத் தருகிறேன். மற்றதெல்லாம் அவர்கள் எழுதியபடியே.

> ஆய்வுகூடப் பொறுப்பாளர் அவர்களுக்கு,
>
> டெமோவுக்காக 1883 டிசிபி போர்ட்டைத் தற்காலிகமாகத் திறக்க அனுமதி கோரல்
>
> மழைமானிக் கருவிகள் இரண்டிலிருந்து தரவைப் பெற்றுக் காட்டும் எமது இறுதியாண்டு செயற்றிட்டத்தின் டெமோ மார்ச் 18, புதன்கிழமை காலை 10.00 மணி முதல் 12.00 மணி வரை 2ஆம் ஆய்வுகூடத்தில் நடைபெறும். அதற்காகக் கீழ்க்காணும் இணைப்பை மட்டும் அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.
>
> எங்கிருந்து: மாணவர் வைஃபையில் உள்ள இரண்டு ஈஎஸ்பி32 பலகைகள், 192.168.40.61, 192.168.40.62
> எங்கே: 2ஆம் ஆய்வுகூடத்தின் உபுண்டு கணினி, 192.168.10.25
> போர்ட்: 1883, டிசிபி
> எதற்கு: மொஸ்கிட்டோ எம்கியூடிடி புரோக்கர்
> பரிசோதனைக்கு: மார்ச் 17, செவ்வாய், பி.ப. 2.00 முதல் 4.00 வரை
> டெமோவுக்கு: மார்ச் 18, புதன், மு.ப. 9.00 முதல் பி.ப. 12.30 வரை
> மூடவேண்டியது: மார்ச் 18, பி.ப. 12.30
>
> பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் புரோக்கரில் யாரும் இணைய முடியாதபடி அமைத்துள்ளோம். மழைமானியின் வாளி ஒருமுறை சாயும்போது 100 பைட்டுக்கும் குறைவான ஒரு செய்தி மட்டுமே வரும். இணையத்திலிருந்து இந்தக் கணினியை அடையத் தேவையில்லை. பலகைகளின் மாக் முகவரிகளை இணைத்துள்ளோம்.
>
> அந்த நேரம் முழுவதும் எம்மில் ஒருவர் கணினியின் அருகில் இருப்பார். டெமோ முடிந்ததும் புரோக்கரை நிறுத்திவிட்டு உங்களுக்கு அறிவிப்போம்.
>
> இப்படிக்கு,
> (குழுத் தலைவரின் பெயர், பதிவெண், தொலைபேசி இலக்கம்)
> மேற்பார்வையாளரின் கையொப்பம்

"இணையத்திலிருந்து இந்தக் கணினியை அடையத் தேவையில்லை" என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. தேவை எது என்பதோடு தேவையில்லாதது எது என்றும் சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. இந்தக் கடிதத்திலிருந்து உபுண்டுவில் நான் எழுதிய வரிகள் இவை:

```
sudo ufw allow from 192.168.40.61 to any port 1883 proto tcp
sudo ufw allow from 192.168.40.62 to any port 1883 proto tcp
```

நடுவில் இருக்கும் ஃபயர்வாலிலும் இதே விபரம்தான்.

"எங்கிருந்து" என்ற இடத்திலும் போர்ட் எண் எழுத வேண்டுமா?

வேண்டாம். பலர் இரண்டு பக்கமும் 1883 என்று எழுதிவிடுகிறார்கள். பேச்சைத் தொடங்கும் பக்கம் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ஒரு பெரிய எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு, லினக்ஸ் அதை வழக்கமாக 32768க்கும் 60999க்கும் இடையில் எடுக்கும். அங்கேயும் 1883 என்று விதி எழுதினால் எதுவுமே பொருந்தாது, இணைப்பு வராது. சேர்வர் பக்கத்து எண் மட்டும் போதும்.

ஆனால் டிசிபியா யூடிபியா என்று கட்டாயம் எழுதுங்கள். ஒரே எண்ணாக இருந்தாலும் அவை இரண்டும் வேறு வேறு கதவுகள். எம்கியூடிடி, இணையப்பக்கம், தரவுத்தளம் எல்லாம் பெரும்பாலும் டிசிபி.

வைஃபையில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்குமே, எதை எழுதுவது?

அதற்குத்தான் மாக் முகவரி கேட்கிறேன். அதைத் தந்தால், அந்தப் பலகைக்கு எப்போதும் ஒரே ஐபியைக் கொடுக்கும்படி டிஎச்சிபி சேர்வரில் ஒதுக்கிவிடுவேன். 61, 62 என்ற எண்கள் அப்படி நான் முன்கூட்டியே ஒதுக்கிச் சொன்னவை. பலகையின் மாக் முகவரியைப் பார்க்க, வைஃபையைத் தொடங்கிய பிறகு இந்த வரியைப் போட்டால் போதும்:

```
Serial.println(WiFi.macAddress());
```

தொலைபேசியைக் கருவியாகப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய தொலைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் பொய்யான ஒரு மாக் முகவரியைக் காட்டும். எங்கள் வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, அதன் பிறகு தெரியும் எண்ணை எழுதுங்கள்.

இரண்டு மணி நேர டெமோதானே மிஸ், கடவுச்சொல் எல்லாம் தேவையா?

தேவை. எம்கியூடிடியில் `#` என்ற ஒரே குறியைப் போட்டு இணைந்தால், புரோக்கருக்கு வருகிற தரவு முழுவதும் கேட்பவருக்கும் வந்துவிடும். அதே வழியில் பொய்த்தரவும் அனுப்பலாம். பரீட்சகர்கள் முன்னால் மழைமானி திடீரென்று 900 மில்லிமீட்டர் காட்டினால், உங்கள் கருவி பிழை என்றுதான் அவர்கள் எழுதுவார்கள்.

மொஸ்கிட்டோவில் மூன்று வரி போதும்:

```
listener 1883
allow_anonymous false
password_file /etc/mosquitto/passwd
```

அந்தக் கடவுச்சொல் கோப்பை உருவாக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. மழைக்குழுவும் அதில் விழுந்தது.

```
sudo mosquitto_passwd -c /etc/mosquitto/passwd maanie1
sudo mosquitto_passwd /etc/mosquitto/passwd maanie2
sudo chown mosquitto: /etc/mosquitto/passwd
```

மூன்றாவது வரி, அந்தக் கோப்பைப் புரோக்கரால் வாசிக்க முடியும்படி செய்வது. முதல் வரியில் மட்டும்தான் `-c`. இரண்டாவதிலும் போட்டால் கோப்பு புதிதாக உருவாகி, முதல் பெயர் அழிந்துவிடும். அவர்களுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாவது பலகை வேலை செய்தது, அரைமணி நேரத்துக்கு முன்புவரை ஒழுங்காக ஓடிய முதல் பலகை செத்துப்போனது. வயரைக் கழற்றி, பலகையையே மாற்றிப் பார்த்தார்கள். பிறகுதான் பலகையின் திரையில் `client.state()` காட்டிய எண்ணைக் கவனித்தார்கள், அது 5. பப்சப்கிளையன்ட் நூலகத்தில் 4, 5 என்றால் புரோக்கர் பேசியது, ஆனால் உள்ளே விட மறுத்தது என்று அர்த்தம். -2, -4 என்றால்தான் வலையமைப்பில் தேட வேண்டும். 5 வந்த பிறகு போர்ட்டைப் பற்றி என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை, அது திறந்துதான் இருக்கிறது.

1883இல் போகிற கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல்தான் போகும். அதனால் வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு சொல்லைப் போடுங்கள். மறையாக்கத்தோடு வேண்டுமென்றால் 8883. அதற்குச் சான்றிதழ் உருவாக்கி, பலகையிலும் ஏற்ற வேண்டும். இரண்டு முகவரிக்கு மட்டும் திறந்து அன்றே மூடும் டெமோவுக்கு 1883ஐ நான் அனுமதிக்கிறேன். மாதக்கணக்கில் ஓடப்போகிறது என்றால் 8883 கேட்டு எழுதுங்கள்.

நீங்கள் திறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், எங்களுக்கு இணையவே இல்லையே?

வருகிற பிழைச்செய்தியை அப்படியே எழுதி அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்பதிலிருந்து எனக்கு எதுவும் தெரியாது. மாணவர் வைஃபையில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து பாருங்கள். அதன் முகவரியை அந்தப் பரிசோதனை நேரத்துக்கு மட்டும் நான் விதியில் சேர்த்துத் தருவேன். லினக்ஸ் என்றால்:

```
nc -vz 192.168.10.25 1883
```

விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் பாருங்கள், ஆனால் அது இணைந்ததா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், கீழே சொல்லும் வேறுபாட்டைக் காட்டாது:

```
Test-NetConnection 192.168.10.25 -Port 1883
```

லினக்ஸில் `Connection refused` என்று உடனே வந்தால், உங்கள் அழைப்பு அந்தக் கணினிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே அந்த எண்ணில் யாரும் காத்திருக்கவில்லை, கணினி அதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது. அது உங்கள் பக்கத்து வேலை. கொஞ்ச நேரம் ஒன்றுமே வராமல் இருந்து, கடைசியில் `timed out` என்று வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபயர்வால் அழைப்பைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. அது என் பக்கத்து வேலை. சில ஃபயர்வால்கள் விழுங்காமல் மறுத்து அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்த வேறுபாடு தெரியாது. எங்களுடையது விழுங்கும்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் மழைக்குழுவுக்கு வந்தது `refused`. புரோக்கர் ஓடுகிறது, கண்ணால் பார்க்கிறோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். உபுண்டு கணினியில் இதைத் தட்டச்சொன்னேன்:

```
sudo ss -tlnp | grep 1883
```

`127.0.0.1:1883` என்று வந்தது. புரோக்கர் ஓடத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் கணினிக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு மட்டுமே காது கொடுக்கிறது. மொஸ்கிட்டோ 2.0 பதிப்பிலிருந்து, `listener` என்ற வரி இல்லாவிட்டால் அது தானாக அப்படித்தான் நடக்கும். பழைய பதிப்பில் அந்த வரி இல்லாமலே வெளியிலிருந்து இணையலாம், அதனால் பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிற எல்லாரும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பதிவுக்கோப்பிலும் அது வெளிப்படையாகவே இருந்தது:

```
Starting in local only mode.
```

மேலே காட்டிய மூன்று வரியையும் அவர்கள் எழுதித்தான் இருந்தார்கள், ஆனால் வேறொரு கோப்புறையில். `/etc/mosquitto/conf.d/` என்ற இடத்தில், `.conf` என்று முடியும் பெயரில் வைத்து, சேவையை மறுபடி தொடக்கியதும் `0.0.0.0:1883` என்று மாறியது. ஃபிளாஸ்க்கில் செய்கிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். அங்கே `host="0.0.0.0"` என்று கொடுத்தால்தான் வெளியில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

பரிசோதனை நேரம் கேட்காமல் நேரே டெமோவுக்கு மட்டும் எழுதியிருந்தால், இதெல்லாம் புதன்கிழமை காலை பரீட்சகர்கள் முன்னால் நடந்திருக்கும்.

கருவி தோட்டத்தில் லயத்துக் கூரையில் இருக்கிறது. அங்கிருந்தே நேரடியாக ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடியாதா?

முடியும், ஆனால் அது வேறு கடிதம். இதுவரை பேசியது இரண்டு உள் வலையமைப்புகளுக்கு இடையில். 192.168 என்று தொடங்கும் முகவரிக்கு இணையத்திலிருந்து யாரும் வர முடியாது. வரவேண்டும் என்றால் நிறுவனத்தின் பொது முகவரியில் ஒரு போர்ட்டை எடுத்து உள்ளே திருப்பிவிட வேண்டும். அந்த அதிகாரம் என்னிடம் இல்லை, நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவிடம் இருக்கிறது. இணையத்துக்குத் திறந்த எந்தப் போர்ட்டையும் உலகமெங்கும் தானாகத் தேடித் திரியும் புரோகிராம்கள் வந்து தட்டும். அதனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் என்னுடையதைவிடக் கடுமையாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

முகவரியைக் குறிப்பிட்டுத் திறப்பதிலும் சிக்கல் உண்டு. தோட்டத்தில் கருவி 4ஜி டொங்கிள் வழியாக வரும். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பாலும் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும், அந்த முகவரியும் மாறும். ஆக, "இந்த முகவரிக்கு மட்டும்" என்று எழுத முடியாது, எல்லாருக்கும் திறக்க வேண்டிவரும்.

மழைக்குழுவுக்கு நான் சொன்னது இதுதான். தோட்டத்துக் கருவி தரவை எஸ்டி அட்டையில் எழுதட்டும். டெமோவில் அந்தக் கோப்பை உபுண்டு கணினியில் ஏற்றி, உண்மையில் பெய்த மழையை வரைபடமாகக் காட்டுங்கள். மேசையில் இருக்கும் இரண்டு பலகைகள் நேரடி இணைப்பைக் காட்டட்டும். அவர்களுடைய மழைமானி வாளி 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை சாயும், புனலின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சாய்வுக்கு 4 மில்லிலீட்டர் தண்ணீர், 75 மில்லிமீட்டருக்கு 375 சாய்வு, அதாவது ஒன்றரை லீட்டர். ஒரு போத்தல் தண்ணீரோடு மேசையிலேயே எச்சரிக்கை மணியை அடிக்கவைத்தார்கள். கீழே ஒரு பேசினும் வைக்கச் சொன்னேன், ஆய்வுகூடத் தரையில் மின்வயர் ஓடுகிறது.

எத்தனை நாளுக்கு முன்னால் தரவேண்டும்?

உள் வலையமைப்பு என்றால் ஐந்து வேலைநாள். மேற்பார்வையாளர் கையொப்பம் இல்லாமல் தராதீர்கள், திரும்பத்தான் வரும்.

கடிதத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதுங்கள். தமிழும் அரச கரும மொழி. முகவரிகளும் போர்ட் எண்ணும் நேரமும் தனித்தனி வரியாக இலக்கத்தில் இருந்தால், தமிழ் வாசிக்காத என் சக ஊழியரும் அதைப் பார்த்து விதியை எழுதிவிடுவார். வலையமைப்புப் பிரிவுவரை போகிற கடிதம் என்றால் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

டெமோ நடுவில் கரண்ட் போனால் நீங்கள் திறந்தது மூடிவிடுமா?

மூடாது. `ufw` விதி கணினி மறுபடி தொடங்கினாலும் அப்படியே இருக்கும். உங்கள் புரோக்கர்தான் எழும்பாமல் போகலாம், கையால் தொடக்கிவைத்திருந்தால். அதற்கு முன்னாளே இதைச் செய்யுங்கள்:

```
sudo systemctl enable mosquitto
```

பலகையின் புரோகிராமும் இணைப்பு அறுந்தால் மறுபடி மறுபடி முயற்சி செய்யும்படி இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை இணைந்துவிட்டுச் சும்மா இருக்கிற பலகை, கரண்ட் வந்த பிறகும் சும்மாதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் இங்கே அது எப்படியும் நடக்கும்.

டெமோ முடிந்த பிறகு நாங்கள் எதுவும் செய்யவேண்டுமா?

புரோக்கரை நிறுத்துங்கள். நான் விதியை நீக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. விதியை நீக்கினால் புதிய இணைப்புகள்தான் நிற்கும். ஏற்கனவே இணைந்திருக்கும் பலகையின் இணைப்பு அறுவதில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எம்கியூடிடி ஒரே இணைப்பை மணிக்கணக்கில் பிடித்துவைத்திருக்கிற வகை. அதனால் முதலில் நீங்கள்:

```
sudo systemctl disable --now mosquitto
```

பிறகு எனக்கு ஒரு குறுஞ்செய்தி. "டெமோ முடிந்தது, புரோக்கரை நிறுத்திவிட்டோம், 12.20" என்று இருந்தால் போதும். அன்று மழைக்குழுவிடமிருந்து அது 12.10க்கே வந்தது. நான் இதைத் தட்டினேன்:

```
sudo ufw delete allow from 192.168.40.61 to any port 1883 proto tcp
sudo ufw delete allow from 192.168.40.62 to any port 1883 proto tcp
```

நடு ஃபயர்வாலிலும் விதியை நீக்கிவிட்டு, நேரத்தைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கோப்பில் போட்டேன்.